கீழே போட்டிருக்கிறோம் என்பது பதில் அல்ல

விளக்க வீடியோவுக்கு எழுதுகிறவர்களிடம் ஒரே அறிவுரையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். யார் சொன்னது, எந்த அறிக்கை என்பதையெல்லாம் குரலில் சொல்லாதே. சொன்னால் ஓட்டம் நின்றுவிடும், பார்க்கிறவர் விரலால் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். ஆதாரத்தை வீடியோவுக்குக் கீழே டிஸ்கிரிப்ஷனில் போட்டுவிடு, வேண்டியவர்கள் படித்துக்கொள்வார்கள். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே இதைப் பாடமாகச் சொல்லிவிடுகிறார்கள். அனுபவம் உள்ளவர்களும் இதை எதிர்த்துப் பேசுவதில்லை.

இந்தப் பாடம் தவறு என்பதே என் கட்சி. ஓட்டத்தைக் கெடுப்பது ஆதாரம் அல்ல. ஆதாரத்தை நாம் எழுதுகிற விதம்தான் கெடுக்கிறது. அச்சுப் பத்திரிகைக்கும் அரசாணைக்கும் உரிய ஒரு வாக்கியத்தைத் தூக்கி வந்து மைக்கின் முன்னால் வைக்கிறோம். அது நொண்டுகிறது. உடனே ஆதாரமே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

ஆரணிப் பட்டு நெசவு பற்றி நான்கு நிமிட விளக்கம் ஒன்றுக்கு நான் எழுதிய ஸ்கிரிப்டை வைத்தே இதைச் சொல்கிறேன். அதன் முதல் வடிவம் மோசமாக இருந்தது. அது எங்கே மோசம் என்று எனக்குக் காட்டியவர் ஆரணிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் தறி நெய்கிற ஓர் அக்கா.

அவர் வீட்டுக் கூடத்தில் குழித்தறி. கால் குழிக்குள் மிதியில் இருக்கிறது. வலது கை நாடாக் கயிற்றை இழுக்கிறது. இடது கை அச்சுப் பலகையைத் தன் பக்கம் இழுத்து அடிக்கிறது. கண் பாவில். ஓர் இழை அறுந்தால் அந்தக் கணமே தெரிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் சேலையில் கோடு விழும். செல்போனைச் சுவரில் இருக்கிற மாடத்தில் சாய்த்து வைத்திருக்கிறார். அதில் ஏதாவது பேசிக்கொண்டே இருக்கும். திரையை அவர் பார்ப்பதே இல்லை. நெசவுத் தெருக்களில் பல வீடுகளில் இப்படித்தான். வீடியோ என்று நாம் நினைத்து எழுதுவது அங்கே வானொலியாகப் போய்ச் சேருகிறது. சோறு வடிக்கிறவருக்கும் பேருந்து ஓட்டுகிறவருக்கும் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் அப்படியே. இவர்களுக்கு டிஸ்கிரிப்ஷன் என்று ஒன்று கிடையாது. திரையின் அடியில் ஓடுகிற சின்ன எழுத்தும் கிடையாது. காதுக்கு வராதது அவர்களைப் பொறுத்தவரை சொல்லப்படாதது.

என் ஸ்கிரிப்டை நானே உரக்கப் படித்துக் காட்டினேன். கூலி பற்றிய இடம் வந்தது. நான் எழுதியிருந்தது இதுதான்: "நெசவாளர்களுக்கு இப்போது கிடைக்கும் கூலி போதுமானதாகவே இருக்கிறது, சேலை விற்கும் விலைக்கு இதற்கு மேல் கொடுக்க முடியாது என்று ஜவுளி வியாபாரி ஒருவர் தெரிவித்தார்." நான் "போதுமானதாகவே இருக்கிறது" என்று முடிப்பதற்குள் நாடா நின்றுவிட்டது.

"யாருப்பா சொன்னது, போதும்னு?"

"இருங்கக்கா, வியாபாரி ஒருத்தர் சொன்னதுதான். கடைசியில வருது."

"கடைசியில வந்து என்ன? நீ சொல்றேன்னுல்ல நெனச்சேன்."

அவர் நினைத்ததில் ஒரு குற்றமும் இல்லை. அச்சில் அந்த வாக்கியத்தைப் படிக்கிறவருக்கு மேற்கோள் குறி தெரியும். "தெரிவித்தார்" என்பதும் பார்வையின் ஓரத்தில் ஏற்கெனவே விழுந்திருக்கும். காதுக்கு அப்படி ஓரம் கிடையாது. சொல் வந்த வரிசையில்தான் காது பொருள் கொள்ளும். தமிழில் வினை கடைசியில் வருவதால், "என்று இன்னார் கூறினார்" என்பதும் கடைசியில்தான் வருகிறது. அது வருகிற வரைக்கும், சொல்லப்படுகிற கருத்துக்குச் சொந்தக்காரர் வாசிக்கிற குரல்தான். பதின்மூன்று சொல் நீளத்துக்கு ஒரு வியாபாரியின் கருத்தை நான் என் கருத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு "என்று" போட்டுப் பின்வாங்கினேன். கேட்டவர் தான் புரிந்துகொண்டதை அழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டியிருக்கிறது. ஓட்டம் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

நம் அன்றாடப் பேச்சைக் கவனித்தால் இந்தச் சிக்கல் அங்கே இல்லை. "அந்த வியாபாரி என்ன சொல்றாருன்னா..." என்று தொடங்கித்தான் எல்லோரும் பேசுகிறோம். சொன்னவர் முதலில் வந்துவிடுகிறார், சொன்னது பின்னால் வருகிறது. தண்டோரா போட்டவர்கள் "இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்" என்று தொடங்கியதும் இதே கட்டுமானம்தான். டெல்லி வானொலியில் "செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசாமி" என்று கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு, குரல் யாருடையது என்பது செய்திக்கு முன்னால் வந்துவிட வேண்டும் என்பது பழகிய காரியம். காதுக்கு ஏற்ற வடிவம் தமிழில் எப்போதும் இருந்திருக்கிறது. எழுத உட்காரும்போது அதை விட்டுவிட்டுச் செய்தித்தாள் வாக்கியத்துக்குப் போய்விடுகிறோம்.

அந்த வரியை அங்கேயே திருத்தினேன். "சேலை விற்கிறவரைக் கேட்டால் கூலி போதும் என்கிறார். விற்கும் விலைக்கு இதற்கு மேல் கட்டுப்படியாகாது என்பது அவர் கணக்கு." மறுபடி படித்தபோது நாடா நிற்கவில்லை. வியாபாரியின் கருத்தை அக்கா ஏற்றுக்கொண்டார் என்று பொருள் இல்லை. யாரோடு சண்டை போட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

சரி, மறுபக்கத்தார் சொல்வதில் உண்மை இல்லையா? இருக்கிறது. "அறிக்கையின்படி" என்கிற சொல் வருகிற இடத்தில் பார்க்கிறவர்கள் விலகிப் போகிறார்கள் என்று அவர்கள் வரைபடத்தைக் காட்டுகிறார்கள். நான் நம்புகிறேன். நானே விலகிப் போயிருக்கிறேன். ஆனால் அந்த இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. என் முதல் ஸ்கிரிப்டில் இருந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள்: "மத்திய அரசின் ஜவுளித் துறை அமைச்சகம் 2019-20ஆம் ஆண்டில் நடத்திய நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு அறிக்கையின்படி, நாட்டில் 35.22 லட்சம் கைத்தறித் தொழிலாளர்கள் உள்ளனர்." தகவல் வருவதற்கு முன்னால் 14 சொற்கள். அதில் ஆண்டை வாயால் சொன்னால் இன்னும் நீளம். நான் நிமிடத்துக்குச் சுமார் 100 சொல் வேகத்தில் படிப்பவன். அந்தக் கணக்கில் எட்டு ஒன்பது விநாடி ஒரு மனிதரும் ஒரு செயலும் இல்லாமல் அலுவலகப் பெயர்ப் பலகையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். கேட்கிறவர் போகாமல் என்ன செய்வார்?

மறுபக்கத்தார் இதற்குச் சொல்கிற மருந்து அந்த 14 சொல்லையும் வெட்டிவிடுவது. "நாட்டில் 35 லட்சம் கைத்தறி நெசவாளர்கள் இருக்கிறார்கள்" என்று ஒரே அடி. கேட்க வேகமாக இருக்கிறது. ஆனால் அது பிழை. அந்த 35.22 லட்சத்தில் தறியில் உட்காருகிறவர்கள் சுமார் 26.7 லட்சம் பேர்தான். மீதிப் பேர் நூல் சுற்றுவது, பாவு ஓடுவது போன்ற துணை வேலை பார்க்கிறவர்கள். ஆதாரத்தை வெட்டியபோது, எதை எண்ணினார்கள் என்பதும் சேர்ந்து வெட்டுப்பட்டுவிட்டது. யார் எண்ணினார்கள், யாரை எண்ணினார்கள் என்று வாக்கியத்தில் எழுத வேண்டிய கட்டாயம் இருந்திருந்தால் எழுதுகிறவர் அறிக்கையைத் திறந்து பார்த்திருப்பார். பிழை அங்கேயே அகப்பட்டிருக்கும். இந்தக் காரணத்துக்காகவே ஆதாரம் குரலில் இருக்க வேண்டும் என்பேன். அது கேட்கிறவருக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு எழுதுகிறவருக்கும் வேண்டும்.

நான் திருத்தியது இப்படி: "கைத்தறிக்காரர்கள் எத்தனை பேர் என்று ஜவுளி அமைச்சகம் இடையிடையே எண்ணிப் பார்க்கும். 2009-10இல் எண்ணியபோது 43 லட்சம் பேர். பத்து வருடம் கழித்து எண்ணினார்கள். 35 லட்சம். நெய்கிறவர், நூல் சுற்றுகிறவர், பாவு ஓடுகிறவர் எல்லாரையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு." இதில் ஆதாரம் எங்கே என்று தேடினால் தனியாக அகப்படாது. "எண்ணியது" என்கிற வினைக்குள் இருக்கிறது. அமைச்சகம் ஓர் அடிக்குறிப்பாக இல்லாமல் கதையில் ஒரு வேலை செய்கிற ஆளாக வந்துவிட்டது. எண்ணுகிறது, பிறகு மறுபடி எண்ணுகிறது. இரண்டு எண்ணிக்கைக்கும் நடுவில் ஒரு பத்து வருடம் கடந்து போகிறது. வேகம் கூடியிருக்கிறது.

அமைச்சகத்தின் முழுப் பெயரும், நான்காவது, அகில இந்திய என்கிற அடைமொழிகளும் போய்விட்டனவே என்று கேட்பார்கள். போகட்டும். அவற்றைத்தான் கீழே போட வேண்டும். அறிக்கையைத் தேடிப் படிக்க விரும்புகிறவருக்கு உதவும் விவரங்கள் அவை. டிஸ்கிரிப்ஷன் இருக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எந்தத் துண்டு குரலில் வர வேண்டும், எந்தத் துண்டு எழுத்தில் போகலாம் என்று பிரிக்கத் தெரிய வேண்டும் என்கிறேன். கேட்கிறவர் ஒரு தகவலை எவ்வளவு நம்பலாம் என்று முடிவு செய்ய எது தேவையோ அது குரலில் வர வேண்டும். எண்ணியது அரசா, வியாபாரிகள் சங்கமா? எந்த வருடம்? யாரை எண்ணினார்கள்? இவை ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று சொல்லில் சொல்லிவிடலாம். பக்க எண், அறிக்கையின் முழுத் தலைப்பு, இணைப்பு எல்லாம் எழுத்துக்குப் போகட்டும்.

இதே கணக்கெடுப்பு இன்னொன்றையும் கற்றுக்கொடுத்தது. ஆள் எண்ணிக்கை குறைந்த அதே பத்து வருடத்தில் கைத்தறிக் குடும்பங்களின் எண்ணிக்கை 27.83 லட்சத்திலிருந்து 31.45 லட்சமாகக் கூடியிருக்கிறது. இரண்டும் அதே கணக்கெடுப்புகளில்தான் இருக்கின்றன. ஆதாரம் சொல்லாத வீடியோ ஒன்று "கைத்தறி அழிகிறது" என்று முதல் எண்ணை எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்று "கைத்தறி வளர்கிறது" என்று இரண்டாவதை எடுத்துக்கொள்ளலாம். இரண்டையும் கேட்டவர் யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று நினைப்பார். நான் எழுதியது: "ஆளை எண்ணினால் குறைவு. அதே கணக்கெடுப்பில் வீட்டை எண்ணினால் கூடுதல். ஒரு வீட்டில் தறி வேலை பார்க்கிறவர்கள்தான் குறைந்துகொண்டு வருகிறார்கள்." அக்கா இதைக் கேட்டுவிட்டு, தன் வீட்டில் முன்பு நான்கு பேர் செய்த வேலையை இப்போது தானும் வீட்டுக்காரரும் மட்டும் செய்வதைச் சொன்னார். ஆதாரத்தை விடாமல் பிடித்துக்கொண்டதால்தான் அந்த வீடியோவுக்கு அதன் மையமே கிடைத்தது. "அதே கணக்கெடுப்பில்" என்கிற இரண்டே சொல்தான் நான் சேர்த்தது.

இனி, ஆதாரம் சொல்வது போலத் தோன்றி எதையும் சொல்லாத சொற்களுக்கு வருகிறேன். ஆதாரம் வேண்டாம் என்கிறவர்கள் எழுதுகிற ஸ்கிரிப்டுகளில் இவை மண்டிக் கிடக்கின்றன. "கூறப்படுகிறது", "நம்பப்படுகிறது", "தெரியவருகிறது", "ஆய்வுகள் சொல்கின்றன". ஓட்டத்துக்காகத்தான் ஆதாரத்தை நீக்கினோம் என்கிறவர்கள் இந்த நான்கையும் ஏன் வைத்திருக்கிறார்கள்? "ஜவுளி அமைச்சகம் எண்ணியது" என்பதைவிட "ஆய்வுகளின்படி கூறப்படுகிறது" சொல்ல நேரம் குறைவா? இல்லை. இரண்டுக்கும் ஒரே மூச்சுத்தான். முன்னதில் ஓர் ஆள் இருக்கிறார், பின்னதில் யாரும் இல்லை.

தமிழில் இதற்கென்றே ஓர் அழகான விகுதி இருக்கிறது. "ஆம்". "போனானாம்", "இருந்ததாம்". கேள்விப்பட்டதைச் சொல்கிறேன், நான் பார்க்கவில்லை என்பதை ஒரே அசையில் சொல்லிவிடுகிறது. ஆறு அணி செய்த ஊர் என்பதால் ஆரணி என்று பெயர் வந்ததாம் என்று சொன்னால் போதும். கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிற ஊருக்கு அந்தப் பெயர்க் காரணம் பொருத்தமாகவும் இருக்கிறது, யாரும் அதற்குப் பத்திரம் கேட்கப்போவதில்லை. சொந்தக்காரர் இல்லாத ஊர்ப் பேச்சுக்கு இந்த விகுதி சரியான சட்டை. அதையே எண்ணுக்குப் போட்டால் என்ன ஆகிறது? "35 லட்சம் பேர் இருக்கிறார்களாம்" என்று சொன்னதும், வீடு வீடாகப் போய் எண்ணிய கணக்கு திண்ணைப் பேச்சாகிவிடுகிறது. சொந்தக்காரர் உள்ள தகவலுக்கு "ஆம்" போடுவது அந்தச் சொந்தக்காரரை மறைப்பது.

எதற்கு ஆதாரம் சொல்லவே வேண்டாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இங்கே மறுபக்கத்தாரோடு எனக்குச் சண்டை இல்லை. 1751 டிசம்பரில் ஆரணிக்குப் பக்கத்தில் கிளைவின் படை ராஜா சாகிப்பின் படையைத் தோற்கடித்தது. இதற்கு "வரலாற்றாசிரியர்கள் கூறுகிறார்கள்" என்று சேர்த்தால் ஏதோ சந்தேகம் இருப்பது போல ஆகிவிடும். குழித்தறியில் கால் குழிக்குள் இருக்கும் என்பதற்கு நிபுணர் வேண்டாம், நான் பார்த்தேன். சட்டத்துக்கும் "படி" தேவையில்லை. "1985இல் வந்த ஒரு சட்டம் சில வகைச் சேலைகளைக் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கிவைக்க வழிசெய்தது" என்றால் சட்டமே எழுவாய், அதுவே ஆதாரம். எல்லா வரிக்கும் ஆதாரம் ஒட்டுகிறவர்கள்தான், ஆதாரம் என்றாலே சலிப்பு என்கிற பெயரை வாங்கிக்கொடுத்தார்கள். அடுத்தவர் மறுக்கக்கூடிய எண், ஒருவர்மேல் சொல்கிற குற்றச்சாட்டு, ஒருவருடைய தீர்ப்பு, வருங்காலம் பற்றிய கணிப்பு ஆகியவற்றுக்குத்தான் ஆள் தேவை. நான்கு நிமிட ஸ்கிரிப்டில் இப்படி ஐந்தாறு இடம்தான் வரும்.

குற்றச்சாட்டு வரும்போது மட்டும் ஒரு விநாடிகூடத் தாமதிக்கக் கூடாது. "விசைத்தறியில் நெய்த சேலையைக் கைத்தறி என்று சொல்லி விற்கிறார்கள்" என்பது ஆரணித் தெருக்களில் நெய்கிறவர்கள் மனம் நொந்து சொல்கிற வார்த்தை. வீடியோவில் அது சொன்னவர் இல்லாமல் வந்தால், கைத்தறியை மட்டுமே விற்கிற கடைக்காரருக்கும் சேர்த்து அடி விழுகிறது. "தறிக்காரர்களின் புகார் இது" என்று முதலில் போட்டுவிட்டுப் பிறகு விஷயத்தைச் சொன்னால் மூன்று சொல் செலவு. எண்ணாக இருந்தால் வரிசையை மாற்றலாம். வியப்பான எண் முதலில் வந்து விழட்டும், அடுத்த வாக்கியம் "இதை எண்ணியது ஜவுளி அமைச்சகம்" என்று வரட்டும். "இதைச் சொன்னது", "கணக்குப் போட்டது" என்று வினையை முன்னால் வைத்து ஆளைக் கடைசியில் வைக்கிற இந்த வாக்கியம், குரலில் அழுத்தம் தானாகவே ஆளின்மேல் விழும்படி செய்யும். ஆனால் குற்றச்சாட்டுக்கு இது கூடாது. எண் ஒரு விநாடி அனாதையாக நின்றால் யாருக்கும் கேடு இல்லை, குற்றச்சாட்டு நின்றால் கேடு உண்டு.

ஆளைச் சொன்னால் மட்டும் போதாது, சரியான ஆளைச் சொல்ல வேண்டும். இதில் நானே தவறினேன். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அதற்கான பதிவகம் சென்னையில் இருக்கிறது. அங்கே இருக்கிற ஆவணங்களில் ஒரு பொருளின் பழமை, செய்முறை, ஊரோடு அதற்குள்ள தொடர்பு எல்லாம் விவரமாக எழுதியிருக்கும். அதில் பழமை பற்றி இருந்ததை எடுத்து, "புவிசார் குறியீட்டுப் பதிவகம் சொல்கிறது" என்று எழுதிவிட்டேன். கேட்கக் கம்பீரமாக இருந்தது. உண்மையில் அந்தப் பகுதியை எழுதித் தருவது விண்ணப்பிக்கிறவர்கள். பதிவகம் அதை ஆராய்கிறது, இதழில் வெளியிடுகிறது, மறுப்பு இருந்தால் சொல்ல மூன்று மாதம் அவகாசம் தருகிறது, பிறகு பதிவு செய்கிறது. ஆக, சொன்னது விண்ணப்பித்த தரப்பு. ஏற்றுக்கொண்டது பதிவகம். இரண்டும் ஒன்றல்ல. "குறியீடு கேட்டுப் போனவர்கள் இப்படி எழுதிக் கொடுத்தார்கள், பதிவகம் ஏற்றுக்கொண்டது" என்று திருத்தினேன். ஒரு சின்னக் கதை கிடைத்தது, அதோடு தகவலின் எடையும் சரியாகிவிட்டது.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. ஆதாரத்தைக் கதைக்குள் நெய்துவிட்டால், அது எங்கே முடிகிறது என்பது மங்கிப்போகும். "ஜவுளி அமைச்சகம் எண்ணியது" என்று தொடங்கி நான்கு வாக்கியம் போகிறேன். ஐந்தாவது வாக்கியம் என் சொந்த ஊகம். கேட்கிறவர் அதையும் அமைச்சகத்தின் கணக்கில் எழுதிவிடுவார். அச்சில் பத்தி பிரித்தால் போதும், குரலில் பத்தி கிடையாது. அந்த எல்லையைச் சொல்லால் கட்ட வேண்டும். "இதுவரை அரசின் கணக்கு. தறியில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்டால் வேறு கதை." அல்லது "இனி நான் சொல்வது என் ஊகம்." வாசிக்கிறவர் இங்கே அரை விநாடி மூச்சு விட வேண்டும். எடிட்டர் அந்த மூச்சை வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். வேகத்துக்காக மௌனத்தையெல்லாம் வெட்டுகிற பழக்கம், யார் பேச்சு எங்கே முடிந்தது என்பதையும் சேர்த்து வெட்டிவிடுகிறது.

எல்லை சரியாக விழுந்திருக்கிறதா என்று எழுதியவருக்குத் தெரியாது, ஏனென்றால் அவருக்கு விடை முன்பே தெரியும். நான் செய்வது இது. கை வேலையாக இருக்கிற ஒருவரிடம் ஸ்கிரிப்டைப் படித்துக் காட்டுகிறேன். முடித்ததும், "கூலி போதும்னு சொன்னது யாரு? ஆள் கொறைஞ்சிருக்குன்னு சொன்னது யாரு?" என்று நான்கு கேள்வி கேட்கிறேன். "நீதான் சொன்னே" என்று பதில் வந்தால் அந்த இடத்தில் ஆள் காணாமல் போயிருக்கிறார். "ஏதோ அறிக்கைன்னு சொன்னியே" என்றால் பெயர் நீளமாகி மனத்தில் நிற்கவில்லை. "கவர்மென்ட்டு எண்ணினாங்கன்னு சொன்னே" என்றால் வேலை முடிந்தது. அமைச்சகத்தின் முழுப் பெயரை அவர் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை.

பார்க்கிறவர்களுக்கு ஆதாரத்தில் அக்கறையே இல்லை என்பது மறுபக்கத்தாரின் கடைசி வாதம். அந்த அக்காவின் நாடா நின்றதே, அது அக்கறை இல்லாமலா? தன் வாழ்க்கையைப் பற்றிய பேச்சு என்றால் யார் சொன்னது என்பதுதான் யாருக்கும் எழுகிற முதல் கேள்வி. தனக்குச் சம்பந்தமில்லாத விஷயத்தில்தான் அந்தக் கேள்வி எழுவதில்லை. ஆரணியைப் பற்றிச் சென்னையில் உட்கார்ந்து எழுதி, சென்னையில் இருப்பவர்களுக்கே போட்டுக் காட்டினால் அக்கறை இல்லை என்றுதான் தோன்றும்.

இன்னும் ஒன்று. நாம் போடுகிற வீடியோ நாம் போட்ட இடத்திலேயே இருப்பதில்லை. யாரோ அதில் நாற்பது விநாடியை வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அது நெசவாளர் குழுவுக்கும் வியாபாரிகள் குழுவுக்கும் சுற்றி வருகிறது. டிஸ்கிரிப்ஷன் அதோடு போவதில்லை. கடைசியில் வருகிற நன்றி அட்டையும் போவதில்லை. குரலில் இருப்பது மட்டும்தான் போகிறது. "சேலை விற்கிறவரைக் கேட்டால்" என்கிற மூன்று சொல் வாக்கியத்தோடு ஒட்டியிருந்தால் வெட்டின துண்டிலும் அது இருக்கும். இல்லாவிட்டால், நெசவாளருக்குக் கூலி போதும் என்று நம் குரலே ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரியும். அதை நாம் திரும்ப வாங்க முடியாது. அந்தக் குழுக்களில் யாரிடமும் போய், ஆதாரம் கீழே போட்டிருந்தோமே என்று சொல்லவும் முடியாது.

ஆகவே எழுதுகிற நண்பர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த ஸ்கிரிப்டில் "அறிக்கையின்படி" வருகிற இடத்தை வெட்டுவதற்கு முன்னால், அந்த அறிக்கையை எழுதியவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். எண்ணினார்களா, அளந்தார்களா, நேரில் போய்க் கேட்டார்களா, யாரோ எழுதிக் கொடுத்ததை ஏற்றுக்கொண்டார்களா? அந்த வினையை எடுத்து வாக்கியத்தின் நடுவில் வையுங்கள். பிறகு கடிகாரத்தை வைத்துப் படித்துப் பாருங்கள். என் ஆரணி ஸ்கிரிப்டில் ஆறு இடத்தில் ஆள் குரலிலேயே வருகிறார். திருத்திய வடிவம் பழையதைவிடப் பதினொரு விநாடி குறைவு.